சுவர் நகர்ந்தது, அளவு நகரவில்லை

வீட்டுப் பிளான் கிட்டத்தட்ட முடிந்த நிலையில் வீட்டுக்காரர் வந்து, “இந்தப் படுக்கையறையை மட்டும் ஒரு அடி கூட்டிக் கொடுங்களேன்” என்பார். கம்ப்யூட்டரில் அது அரை நிமிட வேலை. டிராஃப்ட்ஸ்மேன் ஆட்டோகேடில் சுவரைப் பிடித்து 300 மில்லிமீட்டர் இழுக்கிறார், சுவர் நகர்கிறது, அறை பெரிதாகிறது. ஆனால் அறைக்கு மேலே அம்புக்குறிகளோடு எழுதியிருக்கும் 3600 என்ற எண் அப்படியே நிற்கிறது. அவசரத்தில் அதைக் கவனிக்காமல் பிரிண்ட் எடுத்தால், தாளில் இருக்கும் படம் ஒன்று சொல்லும், எண் வேறொன்று சொல்லும்.

வேலை நடக்கும் இடத்தில் எண்தான் ஜெயிக்கும். படத்தின் மேல் ஸ்கேல் வைத்து அளக்கக் கூடாது, எழுதியிருக்கும் அளவைத்தான் எடுக்க வேண்டும் என்பது கட்டடத் தொழிலில் பொது விதி. பல பிளான்களின் ஓரத்தில் இதை ஒரு குறிப்பாகவே அச்சிட்டிருப்பார்கள். கொத்தனார் 3600 என்று படித்து நூல் கட்டுவார். படத்தில் சுவர் எங்கே இருக்கிறது என்று அவர் பார்க்கப்போவதில்லை, பார்க்கவும் கூடாது. அதனால்தான் நகராமல் நிற்கும் ஒரு அளவு, தப்பாக வரைந்த கோட்டைவிட ஆபத்தானது.

எண் ஏன் நகரவில்லை என்று புரிய, அந்த அளவு எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். ஆட்டோகேடில் ஒரு டைமென்ஷன் போடும்போது இரண்டு முனைகளைக் கிளிக் செய்கிறோம். அந்த இரண்டு இடங்களிலும் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத சின்னப் புள்ளிகள் விழுகின்றன. Defpoints என்ற லேயர் தானாக முளைப்பது இந்தப் புள்ளிகளுக்காகத்தான், அது பிரிண்டில் வராது. அளவு கணக்கிடப்படுவது இந்தப் புள்ளிகளுக்கு இடையே, சுவருக்கும் சுவருக்கும் இடையே அல்ல. இங்கேதான் எல்லாம் இருக்கிறது. புள்ளி சுவரின் முனையோடு பிணைந்திருந்தால் சுவர் போகுமிடத்துக்குப் புள்ளியும் போகும், எண்ணும் மாறும். பிணைப்பு இல்லாவிட்டால் புள்ளி வெற்றிடத்தில் நிற்கும், எண்ணும் பழைய தூரத்தையே சொல்லிக்கொண்டிருக்கும்.

உண்மையான பிணைப்பு ஆட்டோகேடில் வந்தது 2002 பதிப்பில். அதற்கு முன்பு புள்ளிகள் மட்டும்தான். STRETCH கமாண்ட் கொடுக்கும்போது சுவரின் மூலையோடு சேர்த்து அந்தப் புள்ளியும் தேர்வுப் பெட்டிக்குள் விழும்படி பார்த்துக்கொள்வார்கள், விழுந்தால் அளவும் சேர்ந்து நீளும். பழைய ஆட்கள் இன்றும் அந்தப் பழக்கத்தில்தான் வேலை செய்கிறார்கள், அது நல்ல பழக்கமும்கூட. அளவு லேயரை ஃப்ரீஸ் செய்துவிட்டு STRETCH கொடுத்தால் மட்டும் அந்தப் புள்ளிகள் பெட்டிக்குள் அகப்படாது, பின்தங்கிவிடும்.

புதிதாகப் போடும் அளவு எந்த வகை என்பதை DIMASSOC என்ற அமைப்பு முடிவு செய்கிறது. 2 என்றிருந்தால் பிணைப்புள்ள அளவு. 1 என்றிருந்தால் பிணைப்பு இல்லாமல் புள்ளிகள் மட்டும். 0 என்றிருந்தால் அளவே கிடையாது: கோடு, அம்பு, எழுத்து என்று உதிரியாக விழும், அவற்றை மீண்டும் அளவாக ஆக்கவும் வழியில்லை. இந்த எண் அந்தந்த டிராயிங்கிலேயே சேமிக்கப்படுவதால், யாரோ அனுப்பிய பழைய ஃபைலைத் திறந்து வேலை செய்தால் அதில் 1 இருக்கலாம். முதலில் அதைப் பார்த்து 2 ஆக்கிக்கொள்ளுங்கள். ஆனால் இப்படி மாற்றுவது இனிமேல் போடப்போகும் அளவுகளுக்குத்தான் பொருந்தும். ஏற்கெனவே போட்டவை போட்டபடியே கிடக்கும்.

நம் படுக்கையறைக்கு வருவோம். உள்ளளவு 3600-க்கு 3000. நீளச் சுவரின் நடுவில் 1200 அகல ஜன்னல், இரு பக்கமும் 1200, 1200. ஆக அந்தச் சுவருக்கு மேல் மூன்று சங்கிலி அளவுகள், அவற்றுக்கும் மேலே மொத்த அளவு 3600. எல்லாமே முறையாக, DIMASSOC 2-ல் போட்டவை. பிறகு டிராஃப்ட்ஸ்மேனுக்கு அறையின் பரப்பளவு தேவைப்படுகிறது. நான்கு உட்கோடுகளையும் PEDIT கமாண்டில் Join கொடுத்து ஒரே பாலிலைனாக்கி பரப்பளவை எடுத்துக்கொள்கிறார். தப்பே இல்லாத, தினமும் நடக்கும் வேலை.

பிணைப்பு அறுந்தது அந்த இடத்தில்தான். அளவின் முனை பிணைந்திருந்தது குறிப்பிட்ட ஒரு கோட்டோடு. ஆட்டோகேட் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தனி அடையாள எண் வைத்திருக்கிறது. இந்தக் கோட்டின் இந்த முனை என்று அந்த அடையாளத்தைச் சொல்லித்தான் அளவு தன் இடத்தை நினைவில் வைத்திருக்கிறது. Join செய்தபோது அந்தக் கோடுகள் போய்விட்டன. அதே இடத்தில், அதே நீளத்தில் புதிதாக ஒரு பாலிலைன் வந்து நிற்கிறது. கண்ணுக்கு எந்த மாற்றமும் இல்லை, ஆனால் அளவு தேடும் கோடு டிராயிங்கிலேயே இல்லை. பாலிலைனை EXPLODE செய்து கோடுகளாக உடைத்தாலும் இதே கதைதான். கோட்டை அழித்துவிட்டு அதன் மேலேயே வேறு கோடு வரைவதும், ஒரு பிளாக்கைத் திருத்தி மறுவரையறை செய்வதும், திடப்பொருளின் வடிவத்தை UNION, SUBTRACT கொடுத்து மாற்றுவதும் இதே வேலையைச் செய்யும். அளவை மட்டும் தனியாகக் காப்பி செய்து பக்கத்து அறைக்குக் கொண்டுபோனாலும் பிணைப்பு கூடவே வராது.

சில நாள் கழித்து வீட்டுக்காரர் கேட்ட அந்த ஒரு அடி. டிராஃப்ட்ஸ்மேன் பாலிலைனின் வலது பக்கக் கோட்டை நடுவில் பிடித்து 300 இழுக்கிறார். அறை 3900 ஆகிவிட்டது. தாளிலோ மேலே 3600, கீழே 1200, 1200, 1200. சந்தேகம் வந்து கூட்டிப் பார்த்தாலும் கணக்கு சரியாகவே வரும். மொத்த அளவும், ஜன்னலிலிருந்து வலது மூலைக்குப் போகும் அளவும் பழைய மூலையிலேயே ஒன்றாக நின்றுவிட்டதால் இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கின்றன. கூட்டிப் பார்ப்பது நல்ல சோதனைதான், ஒரு அளவு மட்டும் பின்தங்கினால் உடனே காட்டிக்கொடுக்கும். எல்லாம் சேர்ந்து பின்தங்கினால் அதற்குப் பிடிபடாது.

வேறு எதில் பிடிபடும்? முதலில் கண்ணில். அளவிலிருந்து சுவரை நோக்கி இறங்கும் மெல்லிய நீட்டுக் கோட்டைக் கவனித்தால், வலது முனையில் அது சுவரைத் தொடாமல், அறைக்குள் 300 தள்ளி வெறும் இடத்தை நோக்கி இறங்கும். அடுத்தது பரப்பளவு. பாலிலைனிலிருந்து எடுத்தால் 11.7 சதுர மீட்டர் வரும், எழுதியிருக்கும் அளவுகளைப் பெருக்கினால் 10.8 தான். சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிய வேண்டுமானால் DIST கமாண்ட் கொடுத்து சுவருக்குச் சுவர் அளந்துவிடலாம். அது அளவுப் புள்ளிகளை நம்பாமல் நாம் தொடும் இடங்களையே அளக்கும்.

இவையெல்லாம் சந்தேகம் வந்த பிறகு செய்யும் சோதனைகள். சந்தேகம் வரும் முன்பே சொல்லும் ஏற்பாடும் இருக்கிறது. ANNOMONITOR என்று அடித்து 2 கொடுத்துவிட்டால், பிணைப்பில்லாத ஒவ்வொரு அளவின் மேலும் மஞ்சள் நிறத்தில் ஆச்சரியக்குறியோடு ஒரு சின்னம் வந்து உட்காரும். இது 2013 பதிப்பிலிருந்து இருக்கிறது, திரையின் அடிப்பட்டையில் பொத்தானாகவும் உண்டு. நம் கதையில் Join கொடுத்த அந்த நொடியிலேயே, சுவரை யாரும் இழுக்கும் முன்பே, மஞ்சள் சின்னங்கள் எழுந்திருக்கும். திரையை அடைத்துக்கொள்கிறது என்று பலர் இதை அணைத்து வைக்கிறார்கள். திருத்தங்கள் தொடங்கிய பிறகாவது போட்டு வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரே ஒரு அளவைப் பற்றித் தெரிந்தால் போதுமென்றால், அதைத் தேர்ந்து Properties பலகையில் Associative என்ற வரியைப் பார்க்கலாம்.

பிணைப்பைத் திரும்பக் கட்டும் கமாண்ட் DIMREASSOCIATE. அதைத் தொடும் முன்பு DIMREGEN ஒரு தடவை கொடுத்துப் பாருங்கள். லேஅவுட்டில், அதாவது தாள் பக்கத்தில் அளவு போட்டுவிட்டு, வியூபோர்ட்டுக்குள் நுழைந்து மவுஸ் சக்கரத்தை உருட்டினால் படம் நகர்ந்துவிடும், அளவுகள் பின்தங்கியதுபோல நிற்கும். வெளியிலிருந்து இணைத்த ஃபைல் மாறியிருந்தாலும் இப்படி ஆகும். அங்கே பிணைப்பு அறுந்திருக்காது, புதுப்பிக்கப்படாமல் மட்டும் இருக்கும். DIMREGEN கொடுத்ததும் தானாகச் சரியான இடத்துக்கு வந்துவிடும். வராதவைதான் உண்மையில் அறுந்தவை.

இப்போது DIMREASSOCIATE அடித்தால் எந்த அளவுகள் என்று கேட்கும். ஒவ்வொன்றாகக் கிளிக் செய்யலாம், அல்லது D அடித்து Disassociated என்ற தேர்வைக் கொடுத்தால் டிராயிங்கில் பிணைப்பில்லாத அளவுகளை எல்லாம் ஆட்டோகேடே திரட்டிக்கொள்ளும்.  அதன் பிறகு ஒவ்வொரு அளவாக எடுத்து இப்படிக் கேட்கும்:

```
Specify first extension line origin or [Select object] <next>:
Specify second extension line origin <next>:
```

கேட்கும்போது எந்த முனையைப் பற்றிக் கேட்கிறதோ அங்கே ஒரு பெருக்கல் குறி தெரியும். இந்தக் குறியை ஒரு கணம் நிறுத்திப் பார்க்க வேண்டும். குறியைச் சுற்றிக் கட்டம் இருந்தால் அந்த முனை இன்னும் பிணைந்தே இருக்கிறது, வெறும் குறியாக இருந்தால் அறுந்துவிட்டது. நம் அறையில், ஜன்னலிலிருந்து வலது மூலைக்குப் போகும் அளவில் ஜன்னல் பக்கம் கட்டத்தோடும் மூலைப் பக்கம் கட்டமில்லாமலும் இருக்கும், ஏனென்றால் ஜன்னல் கோடுகளை யாரும் Join செய்யவில்லை. கட்டமுள்ள முனைக்கு வெறும் Enter தட்டித் தாண்டிவிட வேண்டும். கட்டமில்லாத முனைக்கு மட்டும் புதிய மூலையைக் காட்ட வேண்டும். காட்டும்போது ஆப்ஜெக்ட் ஸ்னாப் போட்டிருந்து, மூலையில் பச்சைச் சதுரம் வந்த பிறகே கிளிக் செய்ய வேண்டும். ஸ்னாப் இல்லாமல் கிட்டத்தில் எங்கோ கிளிக் செய்தால் புள்ளி அங்கே போய் நிற்கும், எண்ணும் ஏறக்குறையச் சரியாக இருக்கும், பிணைப்பு மட்டும் இருக்காது. பாதியில் Esc அடித்தாலும் அதுவரை கட்டியவை வீணாகாது.

ஒரே மூலையில் சுவர்க் கோடு, பூச்சுக் கோடு, ஹாட்ச் எல்லை என்று பல கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக முடிவதுண்டு. ஸ்னாப் எதைப் பிடித்தது என்று கண்ணுக்குத் தெரியாது. தப்பான கோட்டோடு கட்டிவிட்டால் அடுத்த திருத்தத்தில் மீண்டும் இதே தொல்லைதான். வேண்டாத லேயர்களை அணைத்துவிட்டுச் சுவர் மட்டும் தெரியும்படி வைத்துக்கொண்டு கட்டுவது நல்லது. கட்டி முடித்ததும் சுவரை 100 இழுத்து, எண் 100 மாறுகிறதா என்று பார்த்துவிட்டு உடனே Undo கொடுத்துவிடுங்கள். Properties-ல் Yes என்று படிப்பதைவிட இந்தச் சோதனையையே நான் நம்புவேன்.

நம் அறையில் மொத்த அளவின் இரு முனைகளையும், இடது, வலது சங்கிலி அளவுகளின் மூலை முனைகளையும் கட்டி முடித்ததும் எண்கள் மாறுகின்றன: மேலே 3900, கீழே 1200, 1200, 1500. இப்போதுதான் ஒரு விஷயம் தெரிய வருகிறது. ஜன்னல் சுவரின் நடுவில் இல்லை. இடது பக்கம் 1200, வலது பக்கம் 1500. சுவர் நகர்ந்த நாளிலிருந்தே அது அப்படித்தான் இருந்தது, பழைய எண்கள் மறைத்துக்கொண்டிருந்தன. டிராஃப்ட்ஸ்மேன் ஜன்னலை 150 வலப்பக்கம் தள்ளுகிறார், சங்கிலி தானாக 1350, 1200, 1350 என்று மாறுகிறது. அளவுகள் உயிரோடு இருந்தால் வடிவமைப்பில் இருக்கும் குறையையும் சேர்த்துச் சொல்லும். எண் தப்பாகப் போனதைவிட, அந்தத் தப்பு எண்ணால் ஜன்னல் ஓரமாக ஒதுங்கியதை யாரும் பார்க்காமல் இருந்ததுதான் பெரிய இழப்பாகியிருக்கும்.

இந்த அறையில் மூன்று அளவுகள்தான். பெரிய கட்டடத்தில் சில நூறு அளவுகள் அறுந்திருந்தால்? D கொடுத்து எல்லாவற்றையும் திரட்டலாம், ஆனால் எந்த முனை எந்தச் சுவருக்கு என்று ஆட்டோகேடுக்குத் தெரியாது, நாம்தான் ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். அந்த நிலையில் திருத்தம் நடந்த பகுதியின் அளவுகளை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவதே பெரும்பாலும் சீக்கிரம் முடியும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிணைப்பைத் திரும்பக் கட்டியும் எண் மாறவில்லை என்றால் வேறொரு நோயைத் தேட வேண்டும். சில டிராஃப்ட்ஸ்மேன்கள் அவசரத்துக்குச் சுவரைத் தொடாமல், அளவின் எழுத்தை மட்டும் திருத்தி 3900 என்று கையால் அடித்துவிடுவார்கள். அந்த நிமிடம் முதல் அது அளவே அல்ல, வெறும் எழுத்து. பிணைப்பு முழுசாக இருக்கும், Associative வரியில் Yes இருக்கும், மஞ்சள் சின்னமும் வராது, எண் மட்டும் என்றைக்கும் மாறாது. அந்த அளவைத் தேர்ந்து Properties-ல் Text override என்ற வரியைப் பாருங்கள். அது காலியாக இருக்க வேண்டும். அங்கே எண் இருந்தால் அழித்துவிடுங்கள், உண்மையான தூரம் திரும்ப வரும். எண்ணோடு ஏதாவது சொல் சேர்க்க வேண்டியிருந்தால் `<>` என்று போட்டு அதன் பக்கத்தில் சொல்லை அடிக்கலாம். `<>` இருக்கும் இடத்தில் உண்மையான அளவே வந்து நிற்கும், சுவரோடு மாறவும் செய்யும்.

பிணைப்பு சரியாக இருந்தும் எண் தப்பாகும் இடம் ஒன்று உண்டு. சுவர் மூலையை FILLET கொடுத்து 300 ஆரத்தில் வளைத்தால், நேர்க்கோடு வளைவு தொடங்கும் இடத்திலேயே முடிந்துவிடும். அளவு பிணைந்திருப்பது கோட்டின் முனையோடு, முனை பின்வாங்கியதால் அளவும் பின்வாங்கி 3900 என்பது 3600 ஆகும். ஆட்டோகேட் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. சுவருக்குச் சுவர் அளவு வேண்டுமென்றால் பிரிண்டில் வராத ஒரு லேயரில் மூலை வரை நீளும் துணைக்கோடு வரைந்து அதோடு கட்ட வேண்டும், சுவரை நகர்த்தும்போது அதையும் சேர்த்து நகர்த்த வேண்டும்.

இயந்திர உறுப்புகள் வரையும் சாலிட்வொர்க்ஸ் போன்ற மென்பொருள்களில் மாடலும் அளவும் இன்னும் நெருக்கமாகக் கட்டப்பட்டிருக்கும். அங்கேயும் அளவு பிடித்திருந்த விளிம்பு ஒரு திருத்தத்தில் மறைந்துபோனால் அளவு தொங்கலில் நிற்கும், வேறு நிறத்தில் காட்டி எச்சரிக்கும். புதிய விளிம்பை நாமேதான் காட்டிக் கட்ட வேண்டும்.

வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் மாற்றம் கேட்டுத் திருத்திய பிளான் கைக்கு வரும்போது, மாற்றச் சொன்ன அறையின் எண் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு பக்கத்து அறையையும் வெளிச்சுவரின் மொத்த அளவையும் பாருங்கள், ஒரு சுவர் நகர்ந்தால் அவற்றில் ஒன்றாவது மாறியே ஆக வேண்டும். எதுவும் மாறவில்லை என்றால், கொத்தனார் நூல் கட்டும் முன்பே டிராஃப்ட்ஸ்மேனிடம் தாளைத் திருப்பிக் கொடுத்து, திரையில் சுவருக்குச் சுவர் அளந்து காட்டச் சொல்லுங்கள்.